சாமி புறப்பாட்டுக்கு கம்பீர நாட்டை, பள்ளியறைக்கு நீலாம்பரி: ராகம் மாறுவது ஏன்?

கோயில் திருவிழாவில் சாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் ஒரு வாசிப்பு கேட்கும். பாட்டு வரிகள் இருக்காது, ஆனால் கேட்டதும் நடை தானாக நிமிரும். அதுதான் மல்லாரி. வாசிக்கப்படும் ராகம் கம்பீர நாட்டை. அதே கோயிலில் இரவு பள்ளியறை பூஜையின்போது நின்று கேட்டால், அதே வித்வான் நீலாம்பரி வாசித்துக்கொண்டிருப்பார். ஏன் இந்த மாற்றம்?

ஸ்வரங்களில் இருந்தே தொடங்கலாம். கம்பீர நாட்டையில் ஸ, க, ம, ப, நி என ஐந்தே ஸ்வரங்கள். ரி, த கிடையாது. வீட்டில் கீபோர்டு இருந்தால் வாசித்துப் பாருங்கள். ஸ-வுக்குப் பிறகு கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து மூன்று கட்டைகளைத் தாண்டினால்தான் க வரும். அதை ஒட்டியே ம. ப-விலிருந்து நி-க்கும் அதே மூன்று கட்டை தாவல், அதை ஒட்டி மேல் ஸ. பெரிய எட்டு, சின்ன எட்டு என்று வீரன் நடப்பதுபோல இருக்கும். திறந்த வீதியில், தவில் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே, தூரத்தில் நிற்பவருக்கும் இந்த இடைவெளிகள் தெளிவாகப் போய்ச் சேரும். மல்லாரியை முதலில் நிதானமாக வாசித்து, பிறகு இரண்டாம், மூன்றாம் காலத்தில் வேகம் கூட்டுவார்கள்.

நீலாம்பரி நேர்மாறு. இது நேராக ஏறாது, இறங்காது. ப-விலிருந்து த போய், மறுபடி ப-வுக்கே திரும்பி, அப்புறம்தான் நி, ஸ. இறங்கும்போதும் ரி-யைத் தொட்டுவிட்டு க-வுக்கு ஏறி, பிறகே ஸ-வுக்கு வரும். வக்ர ராகம் என்பது இதைத்தான். போய்த் திரும்பும் இந்த அசைவு தொட்டில் ஆட்டம்போல. சுவாமியின் பாதுகையைப் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்குக் கொண்டுசெல்லும் நேரத்துக்கு இதுதானே பொருந்தும்?

ஆனால் தூக்கம் ராகத்துக்குள்ளேயே இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். நீலாம்பரியையே வேகமாக, தவில் அடியோடு வாசித்தால் தாலாட்டு காணாமல் போய்விடும். தேவாரத்தின் மேகராகக்குறிஞ்சிப் பண்ணை இன்று ஓதுவார்கள் பாடுவது நீலாம்பரியில்தான். அந்தப் பண்ணில் அமைந்த பதிகங்களை மழை வேண்டிப் பாடும் வழக்கமும் உண்டு. ஒரே ராகம், ஓரிடத்தில் உறக்கம், இன்னோரிடத்தில் மழை!

அதாவது ஸ்வர அமைப்பு பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதி, வேகமும் பழக்கமும். தினமும் நடை சாத்தும் நேரத்தில் நீலாம்பரி கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்கு, முதல் இழுப்பு காதில் விழுந்ததுமே ‘சாமி தூங்கப் போறாரு’ என்று புரிந்துவிடும். முதல்முறை வரும் வெளியூர்க்காரர் ஒரு மெல்லிய இசையை மட்டும் கேட்டிருப்பார்.