பிரஷர் குக்கர்: முத்திரை, மூடி, இண்டக்‌ஷன் பொருத்தம்

செங்கல்பட்டு மாவட்டம் புதுப்பாக்கத்தில் பட்டர்ஃபிளை குக்கர்கள் தயாராகின்றன. இதுபோன்ற இந்தியக் குக்கர்களில் ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் 2347 என்ற தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். பெயர் அழிந்திருந்தாலும் உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டுத் தயாரிப்பாளரை அறியலாம்.

முத்திரையே தேய்ந்திருந்தால் மூடி உதவும். வாய்க்குள் நுழைந்து உள்ளிருந்து மேலெழும்பி அடைப்பது ஹாக்கின்ஸில் பரவலான உள்மூடி. விளிம்பின்மேல் அமர்ந்து திருகிப் பூட்டுவது வெளிமூடி. அதைப் பல நிறுவனங்கள் செய்வதால் அது மட்டும் சான்றாகாது.

இண்டக்‌ஷனுக்குக் காந்தச் சோதனையே உறுதியானது, ஆனால் அடியின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். சில எவர்சில்வர் குக்கர்களின் பக்கச்சுவரில் காந்தம் ஒட்டாது. அடித்தகட்டில் பலமாக ஒட்டும். அது போதும், ஏனெனில் சூடு பிறப்பது அடியில்தான். வெறும் அலுமினியத்தில் எங்குமே ஒட்டாது. பிறகு அடியில் அளவுகோலை நிறுத்த வேண்டும்: நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடி குழிந்துள்ளது, சூடு குறையும். மாமல்லபுரம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று காந்த எஃகு அடியைத் துருவேற்றக்கூடும்; கழுவியதும் துடைத்துவைப்பது அவசியம்.