வெளுத்த விரலும் மரத்த விரலும்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

எங்கள் விடுதியின் தரையைப் பெயர்த்துப் புதுக்கல் பதிக்கும் வேலை மூன்று வாரமாக நடந்துவருகிறது. கல் அறுக்கும் கிரைண்டரை இயக்கும் தொழிலாளர் பீகாரிலிருந்து வந்தவர். தேநீர் இடைவேளையில் அவர் கண்ணாடிக் குவளையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். விரல்களில் ‘ஜுன்ஜுனி’, பிறகு ‘சுன்ன்’ என்றார். முதற்சொல் எறும்பு ஊர்வது போன்ற கூச்சத்தைக் குறிப்பது. இரண்டாவது, சூனியம் என்னும் சொல்லின் வழிவந்தது, உணர்வற்ற நிலையைக் குறிப்பது. தமிழில் நாம் ‘விறுவிறுக்கிறது’, ‘மதமதக்கிறது’, ‘மரத்துவிட்டது’ என்போம். இரு மொழிகளும் இங்கே நோயாளி உள்ளே உணர்வதற்கே பெயரிடுகின்றன. ஆனால் இதே நோய்க்கு மருத்துவமும் சட்டமும் நெடுங்காலம் வழங்கிய பெயர், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து பிறந்தது: ‘வெள்ளை விரல்’. அந்தப் பெயர்த்தேர்வால் விளைந்தவற்றைப் பற்றியதே இக்குறிப்பு.

கதை அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் பெட்ஃபோர்டு என்னும் ஊரில் தொடங்குகிறது. அந்நாட்டுப் பெருங்கட்டடங்கள் பலவற்றுக்குச் சுண்ணாம்புக்கல் அளித்த வட்டாரம் அது. அங்குள்ள கல்தச்சர் கைகளுக்கு அழுத்தக்காற்றால் இயங்கும் சுத்தியல் வந்து சேர்ந்தது. நிமிடத்திற்கு மூவாயிரம் முறைக்கு மேல் அடிக்கும் கருவி அது. தச்சர் வலக்கையால் சுத்தியலைப் பிடிப்பார். இடக்கை விரல்களால் உளியைப் பற்றிக் கல்லின்மேல் நடத்துவார். சில ஆண்டுகளில் அவர்கள் விரல்கள் குளிர்காலக் காலைகளில் வெளுத்து உணர்விழக்கத் தொடங்கின. கருவியே காரணம் என்றனர் தொழிலாளர், பூசல் வளர்ந்தது. 1918ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கூட்டாட்சி அரசின் தொழிலாளர் புள்ளியியல் துறைக்காக அதை ஆராயச் சென்றவர் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன். அடுத்த ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதற்பெண் ஆசிரியராகப் பொறுப்பேற்றவர் அவரே.

ஹாமில்டனின் முறை எளியது. நோய் இருப்போரை மட்டும் அவர் பார்க்கவில்லை. ஒரே ஊரில், ஒரே குளிரில், ஒரே கல்லில் வேலை செய்தும் காற்றுச் சுத்தியலைத் தொடாதவரையும் பார்த்தார். சுத்தியலை இடைவிடாது இயக்கும் பிரிவினரிடம் நோய் மிகுதியாகவும், கைச்சுத்தியலால் மட்டும் செதுக்குவோரிடம் இல்லாமலும் இருந்தது. குளிர் மட்டுமே காரணமாயின் இருசாராருக்கும் அது வந்திருக்க வேண்டும். உளியைப் பற்றும் இடக்கையே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்ததும் இம்முடிவை உறுதிசெய்தது. விரல் வெளுப்பது பெரும்பாலும் வேலையின்போது அன்று, விடியற்காலையிலோ வேலை முடிந்த பின்னரோ என்பதையும் அவர் குறித்தார். இது முக்கியமான செய்தி. பணிநேரத்தில் வந்து பார்க்கும் மேற்பார்வையாளர் கண்ணில் இந்நோய் படாது. கருவியைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கும் குளிரில் விரல் வெளுப்பது தொடர்ந்தது என்றும் எழுதினார்.

காரணங்களை அவர் மூன்றாகத் தொகுத்தார்: கருவியின் அதிர்வு, அதை நெடுநேரம் இறுக்கிப் பிடிப்பதால் வரும் தசைச்சுருக்கம், குளிர். தேய்ந்து தளர்ந்த சுத்தியலும் இடைவிடாத வேலையும் நிலையை மோசமாக்கும் என்றார். இன்றைய பாதுகாப்புக் கையேடுகளின் சாரம் ஏறத்தாழ முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு கருத்தும் உண்டு. கட்டடத்திற்குள் செய்யும் வழக்கமான செதுக்கு வேலைக்கு இந்நோய் இடையூறு செய்வதில்லை, குளிரில் வெளியே செய்யும் வேலைக்கே இடையூறு என்று பெரும்பாலான தச்சரே கருதினர் என்பது அது. வேலையை இழக்க அஞ்சும் தொழிலாளர் தம் கைத்திறன் குறைந்துவிட்டதென அரசு அதிகாரியிடம் சொல்வாரா என்ற வினாவை இன்றைய வாசகர் எழுப்பலாம். எப்படியாயினும், ‘வெளுக்கிறது, பின் சரியாகிவிடுகிறது’ என்ற படிமம் நிலைத்தது.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1978இல், அமெரிக்கத் தேசியப் பணிசார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு நிறுவனத்தின் குழு அதே பெட்ஃபோர்டுக்குச் சென்றது. அதே வகைச் சுத்தியல்கள் புழக்கத்தில் இருந்தன. அவற்றைப் பயன்படுத்தியோரில் ஐவரில் நால்வர் அளவுக்கு நோய் இருந்தது. காரணமும் தடுப்புவழியும் 1918லேயே அச்சேறியிருந்தும் நிலைமை மாறவில்லை.

பிரிட்டனில் ‘வெள்ளை விரல்’ என்ற பெயர் சட்டத்திற்குள் நுழைந்த விதம் இதை விளக்க உதவும். பணிசார் நோய்களுக்கான உதவித்தொகைப் பட்டியலில் இதைச் சேர்க்கலாமா என்று அந்நாட்டு ஆலோசனைக் குழு 1954, 1970, 1975 ஆகிய ஆண்டுகளில் ஆராய்ந்து, வேண்டாம் என்றே முடிவு செய்தது. பெரும்பாலோருக்கு இதனால் பெரிய இயலாமை இல்லை என்பதும், நோயை உறுதிசெய்வது கடினம் என்பதும் தடைகளாக நின்றன. 1981இல் குழு கருத்தை மாற்றிக்கொண்டது; 1985இல் நோய் பட்டியலில் ஏறியது. ஏறியபோது அதன் பெயர் ‘அதிர்வு வெள்ளை விரல்’. அளவுகோல், விரல் எத்தனை கணு வரை வெளுக்கிறது என்பது. சட்டை பொத்தானைப் போட முடியாத, நட்டையும் வாஷரையும் விரலால் பிரித்தறிய முடியாத, ஆனால் விரல் வெளுக்காத தொழிலாளி அந்த வரையறைக்கு வெளியே நின்றார். நரம்புசார்ந்த மரப்பும் கூச்சமும் வரையறையில் இடம்பெற 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மருத்துவம் இப்பிழையைச் சற்று முன்னரே திருத்திக்கொண்டது. 1980களின் நடுவில் ஸ்டாக்ஹோமில் கூடிய அறிஞர்கள் நோயை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி அளவுகோல் தந்தனர். ஒன்று குருதிக்குழாய் சார்ந்தது, அதாவது வெளுத்தல். மற்றது நரம்பு சார்ந்தது. இதன் முதற்படி, விட்டுவிட்டு வரும் மரப்பு. கூச்சம் சேர்ந்தும் இருக்கலாம். இரண்டாம் படியில் தொடுவுணர்வு குறைகிறது. மூன்றாம் படியில் நுண்பொருள்களை அறியும் திறனும் கையாளும் திறனும் கெடுகின்றன. இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று சாராமல் முன்னேறக்கூடும்.

நம் நாட்டுக்கு இப்பிரிப்பு ஏன் இன்றியமையாதது? வெளுத்தலைத் தூண்டுவது குளிர். வியட்நாம், மலேசியா போன்ற வெப்ப நாடுகளில் துளையிடுவோரிடமும் கட்டுமானத் தொழிலாளரிடமும் நடந்த ஆய்வுகளில் வெளுத்தல் அரிதாகவே காணப்பட்டது, அல்லது காணப்படவே இல்லை. மரப்பும் கூச்சமும் பரவலாக இருந்தன. கருநிறத் தோலில் வெளுப்பைக் கண்டறிவதும் எளிதன்று. ஆகவே வெள்ளை விரலைத் தேடும் மருத்துவர், இமயமலைப் பகுதி நீங்கலாக, இந்தியாவில் பெரும்பாலும் எதையும் காணமாட்டார். நோயே இல்லை என்றும் முடிவுகட்டக்கூடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு இடம்பெற்றது. அதே எந்திரத்தின் அதிர்வால் வரும் கைநோய் இடம்பெறவில்லை.

எனவே தொடக்க அறிகுறியை நம் மொழிகள் சொல்லும் இடத்திலேயே தேட வேண்டும். கருவியை நிறுத்திய சில நிமிடங்களில் அடங்கும் விறுவிறுப்பு பலருக்கும் வருவது. அது அரைமணி, ஒரு மணி என நீளத் தொடங்கினாலோ, இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ, வேலையில்லாத நாளிலும் வந்தாலோ அதுவே எச்சரிக்கை. கேட்க வேண்டிய கேள்வி ‘விரல் வெளுக்கிறதா?’ என்பதோடு நிற்கக்கூடாது. ‘பையிலுள்ள நாணயத்தைப் பார்க்காமல் எடுக்க முடிகிறதா? திருகாணி கைநழுவுகிறதா?’ என்றும் கேட்க வேண்டும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மட்டும் மரத்துச் சுண்டுவிரல் தப்பியிருந்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதும் காரணமாகலாம். அதையும் அதிர்வே தூண்டக்கூடும். கால்விரல்களில் தொடங்கிய மரப்பாயின் முதலில் நீரிழிவைச் சோதிக்க வேண்டும். நரம்புக்கேடு முற்றியபின் பெரும்பாலும் மீள்வதில்லை என்பதால் முதற்படியிலேயே நிறுத்துவது ஒன்றே வழி.

பாதுகாப்பில் முதன்மையானது நேரக்கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறியாணை, எட்டு மணிநேர வேலைநாளுக்குச் சமன்செய்த அதிர்வு 2.5 மீ/வி² ஆனால் நடவடிக்கை தொடங்க வேண்டும், 5 மீ/வி² தாண்டக் கூடாது என்கிறது. கணக்கு இது:

A(8) = a × √(T/8)

இதில் a என்பது கருவியின் அதிர்வு, T என்பது கருவி உண்மையில் ஓடிய மணிநேரம். கிரைண்டரின் அதிர்வு 7 மீ/வி² எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 4 மணிநேரம் ஓடினால் அளவு ஏறத்தாழ 5, உச்சவரம்பு எட்டிவிட்டது. நேரத்தைப் பாதியாக்கி 2 மணி ஆக்கினால் அளவு பாதியாவதில்லை, 3.5 ஆகிறது. 2.5க்கு இறக்க வேண்டுமாயின் நேரத்தைக் கால்பங்காக்கி 1 மணிநேரம் ஆக்க வேண்டும். மாறாக, அதிர்வு பாதியான கருவியை வாங்கினால் அதே 4 மணிநேரத்தில் அளவு நேராகப் பாதியாகும். ஆள்மாற்றி வேலை வாங்குவதைவிட நல்ல கருவி ஏன் மேலானது என்பதை இந்த வர்க்கமூலமே சொல்லிவிடுகிறது.

அதிர்வெதிர்ப்புக் கையுறையை நம்பி நேரத்தை நீட்டுவது தவறு. அது மிகுவேக அதிர்வைச் சற்றுக் குறைக்கும். பாறை துளைக்கும் டிரில்லின் மெதுவான, வலுத்த அதிர்வை ஏறக்குறைய அப்படியே கைக்குக் கடத்திவிடும். தடித்த கையுறையால் பிடி இறுகினால் தீமையே. கையுறையின் உண்மையான பயன் வெட்டுக்காயத்திலிருந்து காப்பதும், கையை உலர்வாகவும் கதகதப்பாகவும் வைப்பதும். தேய்ந்த பேரிங்கை மாற்றுவது, சமநிலை கெட்ட சக்கரத்தைக் கழற்றுவது, மழுங்கிய துளைமுனையைத் தீட்டுவது, டிரில்லின் பாரத்தைக் கை தாங்காமல் தாங்கி தாங்கச் செய்வது, கருவி நழுவாத அளவுக்கு மட்டும் பிடிப்பது ஆகியவையே பலன் தருபவை. ஹாமில்டன் சொன்னவற்றிலிருந்து இவை வெகுதூரம் விலகியிருக்கவில்லை.

மொழியியல் படித்தவன் என்பதால் இதை ஒரு சொல்லின் கதையாகவே எனக்குப் பார்க்கத் தோன்றுகிறது. பட்டியலில் ஏறிய சொல் பார்ப்பவரின் சொல். தொழிலாளியின் சொல் 2007இல்தான் அங்கு நுழைந்தது. விடுதித் தொழிலாளர் இன்று சொன்ன ‘சுன்ன்’ எந்த மருத்துவப் பதிவேட்டிலும் ஏறப்போவதில்லை. தொழிலிட நேர்காணல் செய்யும் ஆய்வு மாணவர்கள் வினாநிரலில் ‘விரல் மரத்துப்போகிறதா, எவ்வளவு நேரம்?’ என்ற ஒரு வரியை அந்தந்த வட்டார வழக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அவரிடம் நான் கேட்க மறந்ததும் அந்த இரண்டாம் பாதியைத்தான்: எவ்வளவு நேரம் என்பதை. நாளைக் காலை கேட்க வேண்டும்.