குறுவிடை மதிப்பெண் திட்டம்

குறுவிடை மதிப்பெண் திட்டம் என்பது ஓரிரு வரிகளிலோ ஒரு பத்தியிலோ எழுதப்படும் விடைகளுக்கு எவ்வெக்கூறுக்கு எத்தனை மதிப்பெண் வழங்கவேண்டும் என்பதை வரையறுக்கும் எழுத்து வடிவ விதித்தொகுப்பு ஆகும். ஒரே விடையைத் திருத்தும் வெவ்வேறு ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணை வழங்கச் செய்வதே இதன் நோக்கம். தமிழ்நாட்டில் இது பொதுவாக விடைக்குறிப்பு என்றும், இலங்கையில் புள்ளியிடும் திட்டம் என்றும் அழைக்கப்படுகிறது. சரியான விடையை மட்டும் அச்சிட்டுத் தரும் மாதிரி விடையிலிருந்து இது வேறுபட்டது. மாதிரி விடை முழுமையான விடை எது என்பதைக் கூறுகிறது. மதிப்பெண் திட்டமோ குறையுள்ள விடைகளை என்ன செய்வது என்பதைக் கூறுகிறது. திருத்துவோரிடையே வேறுபாடு தோன்றுவது பெரும்பாலும் இத்தகைய குறையுள்ள விடைகளில்தான்.

பின்னணி

திருத்துவோரிடையே உள்ள வேறுபாடு நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஆர்ட்டாக், ரோட்சு என்பவருடன் இணைந்து 1930களில் இங்கிலாந்தில் ஓர் ஆய்வை மேற்கொண்டார். பள்ளிச் சான்றிதழ்த் தேர்வின் 15 வரலாற்று விடைத்தாள்கள் 14 தேர்வாளர்களிடம் தரப்பட்டன. ஓராண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் அதே தாள்கள் அவர்களிடமே மீண்டும் தரப்பட்டன. மொத்தம் 210 முடிவுகளில் 92 முடிவுகள் இரண்டாம் முறை மாறியிருந்தன. அதாவது, ஒருவர் மற்றொருவருடன் மட்டுமன்றித் தம்முடனேயே வேறுபட்டனர்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் கீழ் விடைத்தாள் திருத்தும் முகாம்களில் மதிப்பிடப்படுகின்றன. உதவித் தேர்வாளர்கள் திருத்துகின்றனர். முதன்மைத் தேர்வாளர் அவர்களை மேற்பார்வையிடுகிறார். கூட்டல் பிழைகளும் திருத்தாமல் விடப்பட்ட விடைகளும் தனியே சரிபார்க்கப்படுகின்றன. கூட்டல் சரிபார்ப்பால் எண்கணிதப் பிழையைக் களையலாம். ஒரு விடைக்கு 1 மதிப்பெண்ணா 2 மதிப்பெண்ணா என்ற கருத்து வேறுபாட்டை அதனால் களைய இயலாது. நூற்றுக்கு 35 தேர்ச்சி மதிப்பெண்ணாக உள்ள ஒரு பாடத்தில், 34 பெறும் மாணவரின் ஓராண்டு இவ்வேறுபாட்டைப் பொறுத்து அமையலாம்.

எடுத்துக்காட்டு வினா

மதிப்பெண் திட்டம் உருவாகும் விதத்தைத் தென்காசி வட்டாரப் புவியியல் வினா ஒன்றைக் கொண்டு விளக்கலாம். இரு பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரே வினாவைத் திருத்துவதாகக் கொள்க.

வினா: தென்காசி மழை மறைவுப் பக்கத்தில் அமைந்திருந்தும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால அருவிகளில் நீர்வரத்து மிகுவது ஏன்? (4 மதிப்பெண்)

முதல் வரைவில் பின்வரும் நான்கு கூறுகளுக்கும் ஒவ்வொரு மதிப்பெண் ஒதுக்கப்படுகிறது.

அ. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவருகிறது.
ஆ. காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து மழையாகிறது.
இ. மலையின் மேற்பகுதியில் பெய்யும் மழைநீர் சிற்றாற்றின் வழியே கிழக்கு நோக்கி இறங்கி அருவியாகிறது.
ஈ. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்றும் சாரலும் கிழக்குப் பக்கத்தை அடைகின்றன.

இவ்வரைவு முழுமையானது போலத் தோன்றினாலும், உண்மையான விடைகளைப் படிக்கும்போது போதாமல் போகிறது. ஆகவே விடைத்தாள்களிலிருந்து 20 விடைகள் எடுக்கப்படுகின்றன. நன்கு எழுதப்பட்டவை, நடுத்தரமானவை, மிகக் குறைவாக எழுதப்பட்டவை என மூவகையும் அவற்றில் இடம்பெற வேண்டும். இரு ஆசிரியர்களும் விடைத்தாளில் எதையும் குறிக்காமல், தனித்தாளில் கூறுவாரியாக மதிப்பெண் இடுகின்றனர். முதலாமவரின் மதிப்பெண் கண்ணில் பட்டால் இரண்டாமவர் அறியாமலே அதை ஒட்டிச் செல்வார் என்பதே இதற்குக் காரணம்.

எல்லைநிலை விடைகள்

இரு ஆசிரியர்களும் வேறுபடும் விடைகள் எல்லைநிலை விடைகள் எனலாம். மேற்கண்ட வினாவுக்கு எதிர்பார்க்கக்கூடிய சில எல்லைநிலை விடைகளும், அவற்றுக்கான தீர்வுகளும் வருமாறு.

"ஜூன் மாதம் சாரல் காலம் என்பதால் அருவியில் தண்ணீர் விழுகிறது." இது வினாவில் உள்ள செய்தியையே திருப்பிக் கூறுகிறது, காரணம் எதுவும் இல்லை. மதிப்பெண் 0. சாரல் என்ற சொல் பொருத்தமாகத் தோன்றுவதால் சிலர் 1 வழங்குவர். ஆதலின் இதனைத் திட்டத்தில் வெளிப்படையாக எழுதவேண்டும்.

"தென்மேற்குப் பருவக்காற்றினால் மழை பெய்கிறது." காற்றின் பெயர் உள்ளது, அரபிக்கடல் இல்லை. கூறு அ-வில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளதே இங்கு எழும் சிக்கல். பெயர் மட்டும் போதும் என்று முடிவு செய்து, அரபிக்கடல் என்பதை அடைப்புக்குறிக்குள் இட்டு, கட்டாயமில்லை எனக் குறிக்கலாம். ஒரு மதிப்பெண்ணுக்குரிய கூறில் "மற்றும்" என்ற சொல் வந்தால் அங்கே வேறுபாடு ஒளிந்துள்ளது என்று கொள்ளலாம்.

"வடகிழக்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலே சென்று குளிர்ந்து மழை தருகிறது." காற்றின் பெயர் தவறு, செயல்முறை சரி. கூறு அ-வுக்கு 0, கூறு ஆ-வுக்கு 1. ஒரு பிழைக்கு ஒருமுறைக்கு மேல் தண்டிப்பதில்லை என்ற விதி இங்கே பயன்படுகிறது.

"தென்மேற்கு மற்றும் வடகிழக்குப் பருவக்காற்றுகளால் மழை பெய்கிறது." சரியானதும் தவறானதும் ஒருங்கே எழுதப்பட்டுள்ளன. ஜூன் மாதத்திற்கு வடகிழக்குப் பருவக்காற்று பொருந்தாது. கூறு அ-வுக்கு 0.

"மலையில மழ பெஞ்சி ஆத்து வழியா தண்ணி வருது." பேச்சு வழக்கில் உள்ளது. கூறு இ-வின் பொருள் முழுமையாக உள்ளதால் 1. இவ்வினா மொழித்தேர்வு அன்று. எழுத்துப்பிழைக்கும் நடைக்கும் மதிப்பெண் குறைப்பதில்லை என்பது திட்டத்தின் தலைப்பிலேயே குறிக்கப்பட வேண்டும்.

ஒப்புமையை அளத்தல்

இருவரின் சராசரி மதிப்பெண் ஒன்றாக இருப்பதால் மட்டும் அவர்கள் ஒத்துள்ளனர் என்று கூற இயலாது. ஒருவர் ஒரு மாணவருக்குக் கூட்டி மற்றொருவருக்குக் குறைத்திருந்தாலும் சராசரி மாறாது. இருவரின் மதிப்பெண்களுக்கு இடையேயான ஒட்டுறவுக்கெழுவும் போதாது. ஒருவர் எல்லா விடைகளுக்கும் ஒரு மதிப்பெண் குறைவாக வழங்கினாலும் அக்கெழு 1 ஆகவே இருக்கும். எனவே ஒவ்வொரு கூறையும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பதே பயனுடையது.

கூறு ஈ-யை எடுத்துக்கொள்வோம். விளக்கத்திற்காக, 20 விடைகளில் இருவரும் மதிப்பெண் வழங்கியவை 6, இருவரும் மறுத்தவை 8, முதலாமவர் மட்டும் வழங்கியவை 5, இரண்டாமவர் மட்டும் வழங்கியது 1 எனக் கொள்க. ஒத்த முடிவுகள் 14, அதாவது 0.70. ஆயினும் இதில் ஒரு பகுதி தற்செயலாகவும் நேரக்கூடியது. முதலாமவர் மொத்தம் 11 விடைகளுக்கும் இரண்டாமவர் 7 விடைகளுக்கும் வழங்கியுள்ளனர். தற்செயல் ஒப்புமை (11×7 + 9×13) ÷ 400 = 0.485 ஆகும். யாக்கோபு கோகன் 1960இல் முன்வைத்த கப்பா கெழு இத்தற்செயலை நீக்கிக் கணக்கிடுகிறது.

κ = (Po − Pe) / (1 − Pe) = (0.70 − 0.485) / (1 − 0.485) ≈ 0.42

கெழு 1 எனில் முழு ஒப்புமை. 0 எனில் தற்செயலுக்கு மேல் ஒப்புமை இல்லை. 0.42 என்பது மதிப்பெண் வழங்கப் போதுமானதன்று.

இதைவிடப் பயனுள்ள செய்தி 5, 1 என்ற எண்களில் உள்ளது. வேறுபாடு பெரிதும் ஒரே பக்கம் சாய்ந்துள்ளதால் இது கவனக்குறைவால் நேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. இருவரும் கூறு ஈ-யை வெவ்வேறு விதமாகப் படித்துள்ளனர் எனலாம். அவ்வைந்து விடைகளையும் எடுத்துப் பார்த்தால், முதலாமவர் "கணவாய்" என்ற சொல் இருந்தாலே மதிப்பெண் வழங்கியதும், இரண்டாமவர் கணவாயின் வழியே என்ன வருகிறது என்பதையும் எதிர்பார்த்ததும் தெரியவரும். கூறு பின்வருமாறு திருத்தப்படுகிறது: "மலைத்தொடரில் உள்ள இடைவெளி வழியாகக் காற்று அல்லது சாரல் கிழக்கே வருகிறது என்ற பொருள் வேண்டும். கணவாயின் பெயர் தேவையில்லை. கணவாய் என்ற சொல் மட்டும் இருந்தால் 0."

திருத்திய திட்டத்தைக் கொண்டு வேறு 20 விடைகள் மதிப்பிடப்பட வேண்டும். பழைய விடைகள் விவாதிக்கப்பட்டு நினைவில் நிற்பதால் அவற்றைக் கொண்டு சோதித்தால் பொய்யான ஒப்புமை கிட்டும். புதியவற்றில் இருவரும் வழங்கியவை 7, மறுத்தவை 11, ஒருவர் மட்டும் வழங்கியவை தலா 1 எனில், ஒப்புமை 0.90, தற்செயல் ஒப்புமை 0.52, கப்பா ஏறத்தாழ 0.79 ஆகும். எஞ்சிய இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக இருப்பதால் ஒருபக்கச் சாய்வும் மறைந்துள்ளது.

திருத்தும் காலத்தில்

திட்டம் உறுதியான பின்னரும் திருத்துவோர் நாளடைவில் விலகிச் செல்வதுண்டு. தொடர்ந்து பல நல்ல விடைகளைப் படித்தவருக்கு அடுத்து வரும் நடுத்தர விடை தாழ்வாகத் தோன்றும். முதல் வினாவுக்கு முழு மதிப்பெண் பெற்ற மாணவரின் அடுத்த விடை உயர்வாகத் தோன்றும். ஒரு கட்டில் உள்ள எல்லாத் தாள்களிலும் ஒரே வினாவைத் திருத்தி முடித்த பின்னரே அடுத்த வினாவுக்குச் செல்வது இவ்விரண்டாம் விளைவைக் குறைக்கும். முதலாவதைக் கண்டறிய, முன்னரே மதிப்பெண் முடிவு செய்யப்பட்ட சில விடைகளைப் படியெடுத்து இடையிடையே கலந்து வைப்பர்.

திட்டத்தில் இல்லாத சரியான விடைகளும் வரும். மலைக்காடுகள் மழைநீரைத் தேக்கி மெல்ல விடுவதால் அருவியில் நீர் நீடிக்கிறது என்று ஒரு மாணவர் எழுதலாம். இதனைத் திருத்துபவர் தாமே முடிவு செய்யாமல் முதன்மைத் தேர்வாளரிடம் தெரிவிக்கவேண்டும். முடிவு அனைவருக்கும் அறிவிக்கப்பட்டு, முன்னரே திருத்தப்பட்ட தாள்களில் அத்தகைய விடைகள் மீண்டும் பார்க்கப்பட வேண்டும். இப்பின்னோக்கிய சரிபார்ப்பு விடுபட்டால், காலையில் திருத்தப்பட்ட மாணவரும் மாலையில் திருத்தப்பட்ட மாணவரும் வெவ்வேறு விதிகளால் மதிப்பிடப்பட்டவர் ஆவர்.

வரம்புகள்

உயர்ந்த ஒப்புமை சரியான மதிப்பீட்டுக்குச் சான்றாகாது. "செங்கோட்டைக் கணவாய் என்ற பெயர் இருந்தால் மட்டும் 1" என்று விதித்தால் திருத்துவோர் அனைவரும் ஒத்துப்போவர். ஆனால் பெயரை மனப்பாடம் செய்தவர் மதிப்பெண் பெறுவார். கருத்தைப் புரிந்துகொண்டு பெயரை மறந்தவர் இழப்பார். வினாவே தெளிவற்றதாக இருப்பின் திட்டத்தால் அதனை ஈடுசெய்ய இயலாது. மேற்கண்ட வினாவில் "மழை மறைவுப் பக்கத்தில் அமைந்திருந்தும்" என்ற தொடர் இல்லையெனில் கூறு ஈ-யை மாணவர் எழுதக் காரணமில்லை. அதற்கு மதிப்பெண் ஒதுக்குவது முறையன்று. மேலும், 20 விடைகளில் கணக்கிடப்படும் கப்பா கெழு ஓரிரு விடைகளால் பெரிதும் மாறக்கூடியது. ஆதலின் அதனை முடிவான அளவாகக் கொள்ளாமல், எக்கூறைத் திருத்தி எழுதவேண்டும் என்பதைக் காட்டும் குறியாகக் கொள்வது பொருத்தமாகும்.