கெஜமா, மீட்டரா? திரைச்சீலைத் துணி வாங்கும் முன் ஒரு கணக்கு

லெம்பா பெர்த்தாம்: தீபாவளி நெருங்கினால் தேயிலைத் தோட்ட வீடுகளில் புதுத் திரைச்சீலை தைக்கும் வேலை தொடங்கிவிடும். ரிங்லெட், தானா ராத்தா கடைகளில் பிடித்த நிறம் கிடைக்காதவர்கள் ஈப்போவுக்கு இறங்குகிறார்கள், அல்லது கைப்பேசி வழியே சொல்லி வரவழைக்கிறார்கள். அப்போதுதான் கெஜமும் மீட்டரும் குழம்புகின்றன.

மலாயில் 'எலா' என்பது கெஜம்தான். 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பின் நாடு மீட்டருக்கு மாறினாலும், துணிக்கடையில் எலா இன்றும் பேச்சில் இருக்கிறது. ஒரு கடை விலையை மீட்டருக்குப் போடும். அடுத்த கடை எலாவுக்குப் போடும். துணியின் அகலத்தை மட்டும் இரண்டு கடைகளும் அங்குலத்தில் சொல்லும். 'பிடாங் 60' என்றால் 60 அங்குல அகலம்.

ஒரு கெஜம் 36 அங்குலம், அதாவது 91.44 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் ஏறக்குறைய 39.4 அங்குலம். வித்தியாசம் மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு மீட்டருக்கு இது பெரிதாகத் தெரியாது. பத்து, பதினைந்து மீட்டர் வாங்கும்போதுதான் கையைக் கடிக்கும்.

ஒரு தோட்ட வீட்டின் கூடத்தில் ஒரே அளவில் இரண்டு சன்னல்கள் இருப்பதாகக் கொள்வோம். திரைக்கம்பியின் நீளம் 72 அங்குலம். மடிப்பு அழகாக விழ, துணியின் மொத்த அகலம் கம்பியைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 144 அங்குலம் வேண்டும். 60 அங்குலத் துணியில் இரண்டு துண்டு 120 அங்குலமே வரும். ஆகவே சன்னலுக்கு மூன்று துண்டு. தொங்கும் உயரம் 78 அங்குலம், மேலும் கீழும் மடித்துத் தைக்க 10 அங்குலம், ஆக ஒரு துண்டு 88 அங்குலம். இரண்டு சன்னலுக்கும் ஆறு துண்டு, மொத்தம் 528 அங்குலம்.

இதை 36ஆல் வகுத்தால் 14.67 கெஜம். 2.54ஆல் பெருக்கினால் 1,341 சென்டிமீட்டர், அதாவது 13.41 மீட்டர். தையற்காரர் பதின்மூன்றரை மீட்டர் என்று எழுதித் தருகிறார். வீட்டார் கடையில் "பதின்மூன்றரை" என்று மட்டும் சொல்ல, கடைக்காரர் எலாவில் வெட்டிவிடுகிறார். கைக்கு வருவது 12.34 மீட்டர்தான்.

குறைவது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால் இழப்பு அதோடு நிற்பதில்லை. திரைச்சீலைத் துண்டை நடுவில் ஒட்டுப்போட முடியாது. ஐந்து துண்டு வெட்டியபின் 117 சென்டிமீட்டர் மிஞ்சும். ஆறாவது துண்டுக்கு 224 சென்டிமீட்டர் தேவை. ஒரு துண்டு முழுவதும் போய்விடும். திரும்ப வாங்கினால் வேறு சாயத் தொகுதித் துணி வரக்கூடும். ஒரே நிறம் என்றாலும் பக்கத்தில் தொங்கவிட்டால் வேறுபாடு தெரியும். வெட்டிய துணியைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை.

கணக்கி இல்லாமல் மாற்ற இரண்டு வழிகள் போதும். மீட்டரைக் கெஜமாக்கப் பத்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும்: பதின்மூன்றரை மீட்டருடன் 1.35 சேர்த்தால் 14.85, ஆகவே 15 கெஜம் கேட்கலாம். கெஜத்தை மீட்டராக்கப் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்: 12 கெஜம் என்றால் 11 மீட்டர். இரண்டு வழியிலும் விடை சில சென்டிமீட்டர் கூடுதலாகவே வரும், துணி குறையாது. பருத்தித் துணியானால் துவைத்ததும் சுருங்கும் என்பதால், வெட்டும் முன் நனைத்து உலர்த்துவதோடு அரை மீட்டர் சேர்த்து வாங்குவது நல்லது.

ரவிக்கைத் துணியில் கணக்கு சிறியது. ஆனால் இடம் நெருக்கடியானது. ஆறு கெஜச் சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். உறையில் 6.30 மீட்டர் என்றிருந்தால், பெரும்பாலும் கடைசி 80 சென்டிமீட்டர் ரவிக்கைக்கு உரியது. சராசரி உடம்புக்கு, குட்டைக் கைக்கு அது போதும். முழங்கை வரை கை வேண்டும் என்பவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் தையற்காரர் ஒரு மீட்டர் கேட்பார். அதற்கு ஒரு எலா வாங்கினால் எட்டரை சென்டிமீட்டர் குறையும். அந்தக் குறை கையின் நீளத்தில்தான் தெரியும்.

கடையில் துணி அளக்கும் கோலைப் பார்த்தாலே விவரம் தெரிந்துவிடும். கோல் 36இல் முடிந்தால் கெஜம், 100இல் முடிந்தால் மீட்டர். கைப்பேசியில் கேட்பவர்கள் எண்ணோடு அலகையும் எழுத வேண்டும்: "13.5 மீட்டர், எலா அல்ல, பிடாங் 60". பொட்டலம் வந்ததும் வெட்டுவதற்கு முன் நாடாவால் முழு நீளத்தையும் அளந்து பார்க்க வேண்டும். கத்தரி பட்டபின் குறையைக் கடையில் நிரூபிக்க வழியில்லை.