21ஆம் குரோமோசோம் எந்தப் பிரிவில் தவறியது?

மைட்டாசிஸையும் மியாசிஸையும் பாடநூல்கள் ஓர் அட்டவணையில் எதிரெதிரே நிறுத்திவிடுகின்றன: அங்கே இரண்டு சேய்ச்செல்கள், இங்கே நான்கு, அங்கே 46 குரோமோசோம்கள், இங்கே 23. எண்ணிக்கையில் பிழையில்லை. ஆனால் எது எதைவிட்டுப் பிரிகிறது என்பதைச் சொல்லாமல் மரபுக் கடத்தலை விளக்க முடியாது என்பதே என் வாதம். டவுன் நோய்க்குறி இதற்குத் தெளிவான சான்று.

மைட்டாசிஸில் ஒவ்வொரு குரோமோசோமும் நகலெடுத்துக்கொண்டு, செல்லின் நடுவே தனித்தனியாக நின்று, தன் இரு சகோதரி குரோமாட்டிட்களாகப் பிரிகிறது. தாய்வழி 21உம் தந்தைவழி 21உம் ஒன்றையொன்று பொருட்படுத்துவதில்லை. விளைவு, ஒரே மரபுத் தொகுதி கொண்ட இரு செல்கள். மியாசிஸின் முதல் பிரிவில் நிலைமை வேறு. தாய்வழிக் குரோமோசோம் தந்தைவழி இணையைத் தேடிச் சேர்கிறது. இரண்டும் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. பிறகு இணைகள் எதிரெதிர்த் துருவங்களுக்குப் போகின்றன. சகோதரி குரோமாட்டிட்கள் சென்ட்ரோமியரில் இன்னும் ஒட்டியே இருக்கும். அவை பிரிவது இரண்டாம் பிரிவில்தான்.

டவுன் நோய்க்குறியில் 21ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பது 1959இல் பாரிஸில் வெளியானது. அந்தக் கண்டுபிடிப்போடு லெஜூனின் பெயர் நிலைத்தது. செல்களை வளர்த்துத் தந்த மார்த் கோத்தியேயின் பங்கு நெடுங்காலம் பேசப்படவில்லை. டவுன் நோய்க்குறி உள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு அந்தக் கூடுதல் 21 தனிக் குரோமோசோமாகவே இருக்கிறது. பெரும்பாலும் முட்டைச்செல்லின் மியாசிஸில், அதிலும் முதல் பிரிவில், இணைகள் பிரியாமல் போனதே காரணம். பெண் கருவிலிருக்கும்போதே தொடங்கிய மியாசிஸ், முட்டை வெளியாகும் காலம்வரை பல பத்தாண்டுகள் பாதியில் நிற்கிறது. குரோமோசோம்களைப் பிணைக்கும் கோஹெசின் புரதம் அதற்குள் தளர்வது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. தாய்க்கு 40 வயதாகும்போது வாய்ப்பு சுமார் நூற்றுக்கு ஒன்றாக உயர்கிறது.

எந்தப் பிரிவில் தவறியது என்பதைச் சென்ட்ரோமியருக்கு அருகிலுள்ள டி.என்.ஏ. குறியீடு காட்டும். தாயின் இரு 21களில் அவை அ, ஆ எனவும் தந்தை தந்தது இ எனவும் கொள்வோம். குழந்தையிடம் அ, ஆ, இ மூன்றும் இருந்தால் இணைகள் பிரியவில்லை: முதல் பிரிவின் தவறு. அ, அ, இ என்றால் சகோதரிகள் பிரியவில்லை: இரண்டாம் பிரிவு என்று கொள்வது வழக்கம். ஆனால் முதல் பிரிவிலேயே சகோதரிகள் முன்கூட்டிக் கழன்றுபோனாலும் இதே முடிவு வரக்கூடும்.

தவறு மைட்டாசிஸில் நேர்ந்தால், இயல்பான கருமுட்டையிலிருந்து வந்த சில செல்களில் மட்டும் 47 குரோமோசோம்கள் இருக்கும். இதை மொசைக் நிலை என்பர். பெற்றோரின் இனச்செல்களுக்கு இதில் பங்கில்லை. எனினும் மொசைக் என்றாலே மைட்டாசிஸில் தொடங்கியது என்று முடிவுகட்டக் கூடாது: மியாசிஸில் வந்த கூடுதல் 21ஐச் சில செல்கள் பிறகு இழந்தாலும் இதே தோற்றம் வரும்.

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று 3, 4 விழுக்காட்டினரிடம் உள்ள இடமாற்ற வகை. ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவரிடம் ஒரு 14, ஒரு 21, இவ்விரண்டும் ஒட்டிப்போன ஒரு குரோமோசோம் உள்ளன, மொத்தம் 45. அவருக்கு எந்தக் குறையும் இல்லை. ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தே நிற்பதால், அவருடைய உடற்செல்கள் ஆயுள் முழுதும் மைட்டாசிஸில் தடங்கலின்றிப் பிரிந்து வந்திருக்கின்றன. முட்டை உருவாகும்போது மட்டும் மூன்றும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, இரு துருவங்களுக்குப் பங்கிடப்பட வேண்டும். இதில் ஆறு வகை முட்டைகள் சாத்தியம். 14உம் 21உம் தனித்தனியே போனால் இயல்பான குழந்தை. ஒட்டியது மட்டும் போனால் தாயைப் போன்ற நலமான குழந்தை. ஒட்டியதும் 21உம் சேர்ந்து போனால் டவுன் நோய்க்குறி. மற்ற மூன்றிலும் கரு பொதுவாக நிலைப்பதில்லை.

காகிதக் கணக்கில் பிறக்கும் குழந்தைகளில் மூன்றில் ஒன்று பாதிக்கப்பட வேண்டும். தாய் வழியில் காணப்படுவதோ சுமார் 10 முதல் 15 விழுக்காடு; தந்தை வழியில் ஒரு விழுக்காட்டை ஒட்டியது. அதனால் குழந்தையின் குரோமோசோம் பரிசோதனையில் ஒட்டியது தெரிந்தால் பெற்றோர் இருவரையும் பரிசோதிக்க வேண்டும். தாயின் வயதை வைத்துச் சொல்லும் கணிப்பு அங்கே செல்லாது. இரு 21களும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒருவருக்கு, முட்டையிலோ விந்தணுவிலோ ஒட்டிய ஒன்று போகும், அல்லது 21 இல்லாமலே போகும். இரண்டாவது வகைக் கரு நிலைக்காது. எனவே பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ அனைவருக்கும் டவுன் நோய்க்குறி இருக்கும்.