‘போய்ச் சிரை’ பிறந்த கதை

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கையில் வந்த பிடியை நழுவவிட்டவனைப் பார்த்து, “என்ன சிரைச்சுக்கொண்டு நிண்டனி?” என்பார்கள். கணக்குப் பிழைத்தவனுக்கு, “உனக்கு இது சரிவராது, போய்ச் சிரை.” தூஷணம் என்றாலே முகம் சுளிக்கிற வீடுகளிலும் இது தாராளமாகப் புழங்குகிறது. அதில் சாதிப்பெயர் ஏதும் இல்லை என்பதால் சொல்பவர் அதைச் சாதி வசையாகவே கணக்கில் எடுப்பதில்லை. கேட்டால், “சும்மா பகிடிதானே” என்பார்.

ஆனால் அது பகிடியாகப் பிறக்கவில்லை, கட்டளையாகப் பிறந்தது.

யாழ்ப்பாணத்துப் பழைய குடிமை முறையில் சவரத் தொழிலாளி, சலவைத் தொழிலாளியைப் போல, இன்னின்ன வீடுகளுக்கென்று கட்டுப்பட்டவர். முறைநாள் வந்தால் தானே வீடு தேடிப் போகவேண்டும். வீட்டுக்குள் ஏற முடியாது. வளவில், கொல்லைப்புறத்தில் வைத்துத்தான் வேலை. கூலி பெரும்பாலும் கையில் காசாக வராது, அறுவடையில் நெல்லாக வரும். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் அவருக்கென்று விதித்த கடமைகள் உண்டு, மாட்டேன் என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லை. நரைத்த தலையோடு வந்து நிற்பவரை அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை ‘வாடா, போடா’ என்று அழைக்கும். அவர் அந்தப் பிள்ளையின் தகப்பனை ‘நயினார்’ என்பார். ‘வந்து சிரை’ என்பது அங்கே தினசரி ஏவல். அந்த வீட்டுக்குச் சிரைக்க வரவேண்டிய பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போய் வாங்கில் உட்கார்ந்தபோதுதான், ‘வந்து’ என்பது ‘போய்’ என்று மாறியது. இது உன் இடமில்லை, உன் இடத்துக்குப் போ என்று அதற்கு அர்த்தம்.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரை நமக்கு நன்றாகவே தெரியும். டொமினிக் ஜீவா 1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், சவரத் தொழிலாளர் குடும்பம். ஆரம்ப வகுப்பில் படிக்கும்போது ஆசிரியர் ஒருவர் அவருடைய சாதித் தொழிலைச் சொல்லி அவமதித்து, சிரைக்கப் போகும்படி சொன்னார். எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்க நடந்தது. பையன் பள்ளிக்கூடத்தை விட்டான். பிறகு உண்மையாகவே சலூனில்தான் வேலைக்கு நின்றான். ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்ற தன்வரலாற்றை எழுதும் வயதிலும் அந்த வடு அவருக்கு ஆறவில்லை.

அந்த வகுப்பறையில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஆசிரியர் கைநீட்டி அடிக்கவில்லை. பள்ளியிலிருந்து விலக்கவும் இல்லை, டாப்பில் பெயர் அப்படியே இருந்திருக்கும். ஒரு வசனம் மட்டும் சொன்னார். அந்த வசனத்துக்குப் பின்னால் ஊர் முழுவதும் நின்றது. பையனுக்கு அது விளங்கியது, மற்றப் பிள்ளைகளுக்கும் விளங்கியது. அதனால்தான் வேறொன்றும் செய்யத் தேவைப்படவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்த இவ்வளவு மலிவான ஆயுதம் வேறு கிடையாது. சொன்னவர் மீது எந்தக் குற்றமும் பதிவாகாது, விலகியவன்மீதுதான் ‘படிப்பு ஏறவில்லை’ என்ற பெயர் நிற்கும்.

ஜீவா சலூனிலிருந்தே வாசித்தார், எழுதினார். 1960இல் வந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ தொடங்கினார். கஸ்தூரியார் வீதிச் சலூன்தான் அதற்குக் காரியாலயம். பின்னாளில் மல்லிகை கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு, அதாவது கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தது. 400 இதழ்கள் வரை அவர் அதை இழுத்துக்கொண்டு போனார், கையில் கட்டாகச் சுமந்து தெருவில் விற்றார். இந்த வெற்றிக் கதையைச் சொல்லி, ‘பார்த்தீர்களா, திறமை இருந்தால் எதுவும் தடையில்லை’ என்று முடிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே வசனத்தைக் கேட்டு வெளியேறி, பத்திரிகை எதுவும் நடத்தாமல் போன பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியாது.

கொழும்புக்கு வந்த பிறகு வசை வேறொரு வேலையையும் செய்யத் தொடங்கியது. 83க்குப் பிறகும், 95இன் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகும் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தவர்களில் எல்லாச் சாதியினரும் இருக்கிறார்கள். ஊரில் குறிச்சியைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். இங்கே நாலாம் மாடியில் இருப்பவர் யாரென்று மூன்றாம் மாடிக்குத் தெரியாது. அதனால்தான் “ஊரிலை எவடம்? எந்தக் கோயிலடி? ஆற்றை மகன்?” என்ற விசாரணை இன்னும் ஓயவில்லை. மறைந்திருக்க வழியுள்ள இடத்தில், மறைந்திருப்பவரை வதைக்கிறது இந்தப் பகிடி. பிறந்தநாள் விருந்தொன்றில் ஒருவர் அதைச் சொல்கிறார், பத்துப் பேர் சிரிக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவரின் தகப்பன் சவரக் கத்தி பிடித்தவர் என்று வையுங்கள். “அப்படிச் சொல்லாதையுங்கோ” என்றால் உடனே எல்லாக் கண்ணும் அவர்பக்கம் திரும்பும், ‘ஏன் இவருக்குச் சுடுகுது?’ என்று. சொல்லாமல் இருந்தால் தன் தகப்பனைப் பார்த்துத் தானே சிரிக்கவேண்டும். அவருக்கு அங்கே மூன்றாவது வழி இல்லை.

“நான் சாதியை நினைச்சுச் சொல்லவில்லை” என்று சொல்பவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் நினைக்கத் தேவையில்லை. ‘போய்த் தச்சு வேலை செய்’ என்றோ, ‘போய்க் கணக்கு எழுது’ என்றோ சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். முடி வெட்டுவது கேவலம் என்று பேசுகிறவரும் கேட்கிறவரும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தால்தான் சிரிப்பு வரும். அந்தச் சம்மதம் ஒவ்வொரு சிரிப்பிலும் புதுப்பிக்கப்படுகிறது, பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் விளக்கம் இல்லாமலே அதைக் கற்றுக்கொள்கிறது.

இந்தியாவிலும் இதே நோவு உண்டு. 2009இல் ஷாருக் கான் நடித்த இந்திப் படமொன்று ‘பில்லு பார்பர்’ என்ற பெயரில் வர இருந்தபோது, மும்பையில் முடிதிருத்துவோர் சங்கத்தினர் ஆட்சேபித்தார்கள். பெயர் வெறும் ‘பில்லு’ ஆனது. ஒரு தொழிற்பெயருக்கு என்ன இவ்வளவு கோபம் என்று அப்போது பலர் கேட்டார்கள். அந்தத் தொழிற்பெயரால் தெருவில் கூப்பிடப்பட்டவர்களுக்கு அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

நமது சட்டத்தில் இந்த வசையைப் பிடிக்க இடமில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பள்ளிக்கூடம், கடை, கோயில் போன்ற இடங்களில் சாதியைக் காட்டி ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. கதவை அடைப்பவரைத்தான் அது பிடிக்கும். கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வந்தவன் தானே எழுந்து போகும்படி பேசுகிறவரைப் பிடிக்க அதில் வழியில்லை. வழி இருந்தாலும், விருந்துகளில் சிரித்தவர்களை எந்தப் பொலிசும் விசாரிக்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இந்தப் பகிடியை அலுவலகத்தில், மைதானத்தில், கலியாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன். சலூன் கதிரையில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டி உட்கார்ந்திருப்பவர் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே எல்லோரும் “அண்ணை, பக்கத்தைக் கொஞ்சம் குறையுங்கோ” என்று மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். எந்த இடத்தில் சொல்லக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் எனக்கு முடி வெட்டும் அண்ணர், மகனின் பள்ளிப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் ‘சொந்த வியாபாரம்’ என்று எழுதியவர். வகுப்பில் பெடியன்கள் ‘போய்ச் சிரை’ என்று ஆளுக்காள் சொல்லி விளையாடுவதை மகன் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறான். “நீ என்ன செய்தனி?” என்று கேட்டாராம். தானும் சொன்னேன் என்றானாம்.