கிளிக்கியும் லயத்துப் பிள்ளைகளும்

2015இல் வந்த ‘பாகுபலி’யில் காலகேயர்கள் பேசும் கிளிக்கி திடீரென்று பிறந்ததில்லை. மதன் கார்க்கி ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்டத்துக்குப் படித்த நாட்களில் குழந்தைகளோடு விளையாட ஒரு குட்டி மொழி செய்தார். அதில் ‘மின்’ என்றால் நான். திருப்பிப் போட்டால் ‘நிம்’, அதாவது நீ. இந்த விளையாட்டுதான் படத்துக்காக ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளுமாக வளர்ந்தது.

திரையில் அதற்குப் பிரபாகரின் முகமும் குரலும் துணை. நாவலில் எழுத்து மட்டும்தான். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், கங்காணிக்குப் புரியாமல் பேச லயத்துப் பிள்ளைகள் உருவாக்கும் ஒரு மொழியை என் நாவலுக்காக எழுதிப் பார்க்கும்போது இந்த வித்தியாசம்தான் முன்னால் நிற்கிறது.

முதல் ஆபத்து ‘க பாஷை’. ‘நீ வா’ என்பதைக் ‘கநீ கவா’ என்றால் அது முகமூடி போட்ட தமிழ். சொல்லுக்குச் சொல் மாற்றினால் தமிழ் வாக்கியம் அப்படியே கிடைக்குதா? கிடைத்தால் இலக்கணம் இன்னும் பிறக்கலை.

அதனால் இலக்கணத்தைத் தோட்டத்திலிருந்தே எடுத்தேன். பிள்ளைகளின் காதில் தமிழும் மலாயும் இருக்கின்றன. மலாயில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது; நடந்து முடிந்ததைக் காட்டத் தனிச்சொல் போதும். பன்மைக்குப் பெயரை இரட்டிக்கலாம்: ‘அனாக்’ பிள்ளை, ‘அனாக்-அனாக்’ பிள்ளைகள். தமிழில் வினை கடைசியில் வரும், இங்கே முதலில் வைத்தேன்.

யாலே: வா. லோமா: கங்காணி. ஊய்: முடிந்தது. மு: இல்லை.

‘யாலே லோமா’ என்றால் கங்காணி வர்றார். ‘யாலே ஊய் லோமா’, வந்துட்டார். ‘யாலே ஊய் லோமா லோமா’ என்றால் கங்காணிமார் வந்துட்டாங்க. இவற்றைச் சூழலோடு ஓரிரு அத்தியாயங்களில் விட்டுவிட்டு, பிறகு ஒரு பையன் மூச்சிரைக்க ‘முயாலே லோமா!’ என்று கத்தினால், விளக்கம் இல்லாமலே வாசகர் நிம்மதி அடைய வேண்டும். அடையவில்லை என்றால் முந்தைய இடங்களில் சூழல் போதவில்லை.

ஒலிகளில் தமிழ் எழுத்தே குழி பறிக்கும். ‘லோபா’ என்று எழுதினால் ஒருவர் ‘ப’வை வன்மையாகப் படிப்பார், இன்னொருவர் மென்மையாக. ஆகவே ம, ல, ய, வ போன்ற, ஒரே மாதிரி ஒலிக்கும் எழுத்துகளே நல்லது. முடிந்ததைக் காட்ட மலாய்ப் பேச்சின் ‘டா’ பொருத்தமாகத் தோன்றும். ஆனால் தமிழ் வாசகர் காதில் அது ‘வாடா’வின் ‘டா’! ‘லா’வும் ஆகாது, மலேசியர் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் அதுதானே இருக்கு.

இந்த மொழியை யார் வாயில் வைப்பது என்பது இன்னும் பெரிய கேள்வி. கிளிக்கி ‘காட்டுமிராண்டி’ எதிரிகளின் மொழியாகத் திரைக்கு வந்தது. கேமரன் மலையில் தோட்டங்கள் வருவதற்கு முன்பே செமாய் மக்கள் இருந்தார்கள். அவர்கள் மொழி ஆஸ்திரோ-ஆசிய குடும்பத்தைச் சேர்ந்தது, இன்றும் பேசப்படுவது. என் நாவலில் செமாய்ப் பெரியவர் ஒருவர் வருகிறார். அவர் பேசினால் செமாய் பேச வேண்டும், இல்லையென்றால் தோட்டத்து ஆட்களோடு மலாய். ‘யாலே லோமா’ பிள்ளைகளோடு நின்றுவிடும்.